மண் தின்னும் பிள்ளை

கேள்வி: என் 4 வயது மகள் மண்ணும் சாக்பீஸும் தின்கிறாள். அடித்தும் நிற்கவில்லை. முகம் வெளுத்திருக்கிறது. பூச்சி மருந்து போதுமா?

பதில்: பூச்சி மருந்தும் வேண்டும், அது மட்டும் போதாது. இது சேட்டையல்ல, அடிக்காதீர்கள். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவுதான் காரணம். சில பிள்ளைகள் ஐஸ் கட்டிக்கு ஏங்குவதும் இதனால்தான். மண் தின்பதால் இரும்பு கூடாது. களிமண் சாப்பாட்டிலுள்ள இரும்பையும் பிடித்துக்கொள்ளும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பாருங்கள். இந்த வயதில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. எடைக்கேற்ப டாக்டர் இரும்புச்சத்து சிரப் தருவார். பாலோடு கொடுக்க வேண்டாம். மலம் கறுத்தால் பயப்படாதீர்கள்.

பெரும்பாலும் ஓரிரு வாரத்திலேயே மண் ஆசை போய்விடும். அப்போதுதான் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். ரத்தம் தேறிய பிறகும் சுமார் 3 மாதம் கொடுத்தால்தான் உடம்பில் இருப்பு சேரும். இல்லாவிட்டால் மறுபடி சுவரைச் சுரண்டுவாள்.