முப்பத்தொரு கட்டமும் நிரம்ப வேண்டுமா?

புக்கிட் மெர்தாஜாமில் சேலைக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சிறு வணிகர்களுக்கான ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய் ஒரு தாளோடு திரும்பி வந்தார். தாளில் முப்பத்தொரு கட்டங்கள். கடையின் முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களுக்கான மாதத் திட்டமாம். ‘ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது, ஒரு நாள் விட்டாலும் மக்கள் மறந்துவிடுவார்கள்’ என்று அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மறுநாளே அந்தத் தாள், கடையில் வேலை செய்யும் ஒரே பெண்ணின் கைக்குப் போய்விட்டது. கல்லாவில் நிற்பவர் அவர்தான். சேலையைப் பிரித்துக் காட்டுவதும், பிளவுஸுக்கு அளவு குறிப்பதும், வாட்ஸ்அப்பில் பதில் சொல்வதும் அவர்தான். இனி தினம் ஒரு பதிவும் அவர் தலையில்.

தினம் ஒரு பதிவு போட்டால் வியாபாரம் வளரும் என்ற இந்த நம்பிக்கை ஊரெல்லாம் பரவியிருக்கிறது. இது தவறு. உழைப்பைத் தின்று வியாபாரத்துக்கு ஒன்றும் தராத தவறு.

முதலில் நேரத்தைக் கணக்குப் பார்ப்போம். சேலையைப் பொம்மைக்கு உடுத்தி, வெளிச்சம் பார்த்துப் படமெடுத்து, விலையை முதலாளியிடம் உறுதி செய்து, தமிழிலும் மலாயிலும் நாலு வரி எழுதிப் பதிவேற்ற ஒன்றரை மணி நேரமாவது ஆகும். முப்பத்தொரு பதிவுக்கு 46.5 மணி நேரம். 2023 முதல் மலேசிய வேலைச் சட்டம் ஒரு வாரத்துக்கு அனுமதிக்கும் சாதாரண வேலை நேரமே 45 மணிதான். ஆக, மாதத்தில் ஒரு முழு வாரத்துக்கும் மேலான உழைப்பை அந்தக் கட்டங்கள் விழுங்குகின்றன. அந்த நேரத்தில் கல்லாவில் யார் நிற்பது?

நேரம் கிடைக்காதபோது கட்டங்கள் எப்படி நிரம்புகின்றன என்பதையும் பார்க்கிறோம். திங்கட்கிழமை ஒரு பொன்மொழி. வெள்ளிக்கிழமை ஒரு சாமி படம். நடுவில் எங்கிருந்தோ எடுத்த குத்துவிளக்குப் படத்தின் மேல் கடையின் பெயர். இவற்றில் விலை இல்லை, துணி இல்லை, தேதி இல்லை. முகநூலும் இன்ஸ்டாகிராமும் பதிவுகளை வெறும் நேர வரிசையில் காட்டுவதில்லை. யார் எதை நின்று பார்க்கிறார்கள் என்று கவனித்துத்தான் அடுத்தவர்களுக்குக் காட்டுகின்றன. யாரும் நிற்காத பொன்மொழியை மாதம் முழுக்கப் போட்டால், ஒருவரும் கண்டுகொள்ளாத பக்கமாகத்தான் அது இருக்கும்.

அதே கடைக்கு உண்மையில் வேலை கொண்டு வருவது ஒரே ஒரு பதிவு: ‘தீபாவளிக்குப் பிளவுஸ் தைக்கக் கடைசித் தேதி’. வாடிக்கையாளர் கேட்கும் கேள்வி அதுதான். அதற்குப் பதில் சொல்லும் பதிவைத்தான் அக்காமார்கள் தங்கைக்கும் மருமகளுக்கும் அனுப்புகிறார்கள். பயிற்சியில் கொடுத்த தாளில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அந்தத் தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது? பின்னாலிருந்து எண்ண வேண்டும். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. தைத்த பிளவுஸைப் போட்டுப் பார்த்துப் பிடிக்கவும் தளர்த்தவும் இரண்டு நாள் வேண்டும் என்றால், தையல் நவம்பர் 5 வியாழனோடு முடிய வேண்டும். கடைக்கு இரண்டு தையல்காரர்கள், ஆளுக்கு நாளைக்கு நான்கு லைனிங் பிளவுஸ் என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் 19 திங்கள் முதல் நவம்பர் 5 வரை, ஞாயிறு கழித்து, 16 வேலை நாள். 128 பிளவுஸ் தைக்கலாம். அக்டோபர் 17 சனிக்கிழமை மாலை கைவசம் இருக்கும் ஆர்டர் 128ஐத் தொடுமென்றால், அதுதான் கடைசித் தேதி. ஆரி வேலைப்பாடு கையால் செய்வது, நாள் பிடிக்கும். அதற்குக் கடைசித் தேதியை இரண்டு வாரம் முன்னதாக, அக்டோபர் 3இல் வைக்கலாம்.

இப்போது மாதத் திட்டம் தானாக விழுகிறது. செப்டம்பர் கடைசி வாரத்தில் ஆரி வேலைக்கான அறிவிப்பு, கூலியோடு. அக்டோபர் 3 அன்று ‘ஆரி ஆர்டர் முடிந்தது, சாதாத் தையல் 17 வரை’. 10ஆம் தேதி ‘இன்னும் ஒரு வாரம், அளவு பிளவுஸைக் கையோடு கொண்டு வாருங்கள்’. 17 அன்று ‘ஆர்டர் முடிந்தது’. அதற்குப் பிறகு வருபவர்களைத் திருப்பி அனுப்பாமல் ரெடிமேட் பிளவுஸின் அளவும் விலையும் 20ஆம் தேதி. பலருக்குச் சம்பளம் வரும் மாதக் கடைசியில் புதுச் சேலைகள் இரண்டு பதிவு. நவம்பர் முதல் வாரத்தில் ‘தைத்தவை தயார், வந்து போட்டுப் பாருங்கள்’. மொத்தம் எட்டுப் பதிவு, 12 மணி நேரம். வாடிக்கையாளர் குறைவான ஒரு காலையில் எல்லாப் படங்களையும் மொத்தமாக எடுத்துவிட்டால் அதுவும் குறையும். மற்ற நாள்கள் காலியாகவே இருக்கட்டும். திடீரென்று புதுச் சரக்கு வந்தாலும், தையல்காரர் காய்ச்சலில் படுத்துக் கடைசித் தேதியை முன்னுக்கு இழுக்க நேர்ந்தாலும், அந்தக் காலி நாள்தான் கைகொடுக்கும்.

போன வருடத் தாளை நகலெடுத்தால் என்ன என்பவர்களுக்கும் இந்தப் பிளவுஸ் தேதிதான் பதில். 2025இல் தீபாவளி அக்டோபர் 20. 2026இல் அது 19 நாள் தள்ளிப்போகிறது. பழைய தாளை நம்பினால், வேலை எடுக்க வேண்டிய வாரங்களில் ‘ஆர்டர் முடிந்தது’ என்று போட்டு, வந்த வாடிக்கையாளரை விரட்டுவோம்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் திட்டங்கள் இன்னும் மோசம். அவற்றில் அமெரிக்க டோனட் தினம் இருக்கும், தேங்க்ஸ்கிவிங் இருக்கும். ஜூலை 26 புனித அன்னாள் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து புக்கிட் மெர்தாஜாமுக்குக் கூட்டம் திரளுவது அவற்றுக்குத் தெரியாது. ஆடி மாதம் கல்யாணச் சேலை ஓடாது, ஆவணியில் ஓடும் என்பதும் தெரியாது. நம் ஊரை அறியாத தாளுக்கு நம் கடையில் என்ன வேலை?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டைக் கொடுத்துவிட்டு, விற்பனை, படம் பிடிப்பு, எழுத்து, மொழிபெயர்ப்பு என்று நான்கு பேர் வேலையை ஒருவரிடம் வாங்குவது நியாயமில்லை. இரவு பத்து மணிக்கு வரும் ‘விலை எவ்வளவு’ என்ற செய்திக்கு அவர் தன் சொந்தக் கைப்பேசியில் பதில் சொல்ல வேண்டும் என்பதும் நியாயமில்லை. வாட்ஸ்அப் பிசினஸில் கடை மூடிய நேரத்துக்குத் தானாகப் பதில் போகும் வசதி இருக்கிறது. கடை எண்ணில் அதைப் போட்டு வைப்பது முதலாளியின் கடமை. பெரிய நிறுவனங்களின் பக்கத்தைக் காட்டி ‘அவர்களைப் பார்’ என்று அந்தப் பெண்ணை ஏசுகிறார்கள். அங்கே அதற்கென்றே ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது.

திட்டம் சரியா என்று லைக்கை எண்ணிப் பார்க்க முடியாது. பதிவுக்குப் பிறகு எத்தனை பேர் பிளவுஸ் கொடுக்க வந்தார்கள் என்று அளவு நோட்டில் பார்க்க வேண்டும். ‘எத்தனை நாளாகும், கூலி எவ்வளவு’ என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டால் அந்தப் பதிவு தோற்றது என்று பொருள். அடுத்த பதிவில் அதை முதல் வரியிலேயே எழுத வேண்டும்.

ஆகவே முதலாளிகளே, பக்கத்தை நடத்தும் அந்த ஒருவரிடம் தாளை நீட்டுமுன் இரண்டு கேள்விகளுக்கு நீங்கள் பதில் எழுதுங்கள். இந்த மாதம் கடையில் எந்த வேலைக்கு எது கடைசித் தேதி? இதற்கென்று அவருக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறீர்கள்? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் ஒரு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை.