மின்மானி சரி, கம்பி சரியா?

மாணவர்களே, படிவம் ஐந்து இயற்பியலில் மின்மாற்றிக் கணக்குகளைச் செய்திருப்பீர்கள். கேள்வியில் "இலட்சிய மின்மாற்றி" என்று இருந்தால், சுற்றுகளின் எண்ணிக்கையை வைத்து மின்னோட்டத்தைக் கண்டுபிடித்து விடையை எழுதிவிடுவோம். அந்த "இலட்சிய" என்ற சொல் பொய்த்துப்போகும் ஓர் இடத்தில் மாதந்தோறும் பணம் கைமாறுகிறது. அந்த இடம் தொழிற்சாலைகளின் மின்கட்டணப் பில். அங்கே மின்மானியின் துல்லியத்தை மட்டும் பார்ப்பது போதாது, அதற்கு வரும் கம்பியையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

உங்கள் வீட்டில் மின்னோட்டம் முழுவதும் மின்மானியின் வழியாகவே பாய்கிறது. ஒரு தொழிற்சாலை 200 ஆம்பியர் எடுக்கும்போது அப்படிச் செய்வது வசதியல்ல. அதனால் மின்னோட்ட மின்மாற்றி ஒன்றைப் பொருத்துகிறார்கள். தொழிலில் அதைச் சுருக்கமாகச் சி.டி. என்பார்கள். அது வளையம்போல இருக்கும் ஓர் இரும்பு உள்ளகம். தடித்த மின்கம்பி அதன் நடுவே ஒருமுறை நுழைந்து செல்லும். அதுவே ஒரு சுற்று கொண்ட முதன்மைச் சுருள். வளையத்தைச் சுற்றி 40 சுற்றுகள் இருந்தால், அதுவே துணைச்சுருள். 200 ஆம்பியர் 5 ஆம்பியராகக் குறையும். மின்மானி 5 ஆம்பியரை அளந்து, 40 ஆல் பெருக்கிக்கொள்ளும்.

இது சரியாக நடக்க வேண்டுமானால், முதன்மைப் பக்கத்தின் 200 ஆம்பியர்-சுற்றும் துணைப் பக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் இரும்பு உள்ளகம் சும்மா வேலை செய்யாது. தன்னைக் காந்தமாக்கிக்கொள்ள அது ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பங்கு 1 ஆம்பியர்-சுற்று என்றும், அது நேரடியாகக் கழிகிறது என்றும் எளிமைக்காக வைத்துக்கொள்வோம். மிச்சம் 199. அதை 40 ஆல் வகுத்தால் 4.975 ஆம்பியர்தான் கிடைக்கும். மின்மானி அதை எந்தத் தவறும் இல்லாமல் அளந்தாலும், 200 ஆம்பியரை 199 என்றே கணக்கு வைக்கும். அரை விழுக்காடு குறைவு. இதுதான் விகிதப் பிழை.

அந்தப் பங்கு எப்போதும் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. சாதாரண மின்மாற்றியில், இணைத்திருக்கும் கருவிகள்தாம் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும். சி.டி.யில் அது தலைகீழ். தொழிற்சாலையின் இயந்திரங்கள் 200 ஆம்பியர் எடுத்தால், துணைச்சுருள் ஏறத்தாழ 5 ஆம்பியரைத் தள்ளியே ஆக வேண்டும். வழியில் மின்தடை கூடினால், அதே 5 ஆம்பியரைத் தள்ள அதிக மின்னழுத்தம் தேவைப்படும். அதிக மின்னழுத்தத்துக்கு உள்ளகத்தில் அதிகக் காந்தப்பாயம் வேண்டும். அதற்கு உள்ளகம் எடுத்துக்கொள்ளும் பங்கும் கூடும். சி.டி.யின்மேல் கம்பியும் மின்மானியும் சேர்ந்து ஏற்றும் இந்தச் சுமையைப் பொறியாளர்கள் "பர்டன்" என்கிறார்கள். நாம் "பளு" என்போம். அதை வோல்ட்-ஆம்பியரில் அளப்பார்கள்.

இப்போது ஒரு கணக்கு. சி.டி.யின் தகட்டில் 200/5, வகுப்பு 0.5, 5 வோல்ட்-ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. 5 ஆம்பியர் பாயும்போது 5 வோல்ட்-ஆம்பியர் என்றால், அது தாங்கக்கூடிய மின்தடை 0.2 ஓம் மட்டுமே. மின்மானி 20 மீட்டர் தொலைவில் வேறோர் அறையில் இருக்கிறது. போக 20, வர 20, மொத்தம் 40 மீட்டர் செப்புக் கம்பி. அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 2.5 சதுர மில்லிமீட்டர். செம்பின் தடைத்திறன் உங்களுக்குத் தெரியும், போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 0.28 ஓம் வரும். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால், கம்பி மட்டுமே 7 வோல்ட்-ஆம்பியரைத் தின்றுவிடுகிறது. மின்மானியைச் சேர்க்கும் முன்பே எல்லை தாண்டிவிட்டது!

எல்லை தாண்டியபின் பிழை எவ்வளவு ஆகும் என்பதை உள்ளகம்தான் தீர்மானிக்கும். காந்தமாக்க 1 ஆம்பியர்-சுற்றுக்குப் பதில் 3 செலவாகிறது என்று வையுங்கள். பிழை ஒன்றரை விழுக்காடு ஆகிவிடும். மாதம் 50,000 யூனிட் பயன்படுத்தும் தொழிற்சாலையில், அந்தப் பிழை மாதம் முழுவதும் நீடித்தால், 750 யூனிட் கணக்கில் வராமலே போகும். மின்மானியைக் கழற்றிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால், அது தேர்ச்சி பெற்றுத் திரும்பி வரும். குற்றம் அதனிடம் இல்லையே!

"அப்படியானால் பெரிய சி.டி.யாக, 15 வோல்ட்-ஆம்பியர் தாங்குவதாகப் போட்டுவிடலாமே, ஆசிரியரே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான், ஆனால் அதுவும் ஒரு பொறி. வகுப்பு 0.5 என்ற உறுதி, பொதுவாகத் தகட்டில் உள்ள பளுவின் 25 முதல் 100 விழுக்காடு வரைக்கும்தான் செல்லும். 15-க்கு அது 3.75-இல் தொடங்குகிறது. மின்மானி பக்கத்திலேயே இருந்து, கம்பி இரண்டு மீட்டர்தான் என்றால், மொத்தப் பளு சுமார் ஒன்றுதான் வரும். உள்ளகம் எடுக்கும் பங்கை ஈடுகட்டச் சில தயாரிப்பாளர்கள் துணைச்சுருளின் சுற்றைச் சற்றுக் குறைத்துச் செய்கிறார்கள். அத்தகைய சி.டி.யில் பளு மிகக் குறைந்தால், மின்மானி சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். முன்பு இழந்தவர் மின்சாரம் விற்பவர். இப்போது இழப்பவர் வாங்குபவர்.

ஆகவே "பெரியது நல்லது" என்பதும் சரியல்ல, "வகுப்பு 0.5 போதும்" என்பதும் சரியல்ல. நம் கணக்கில் 10 வோல்ட்-ஆம்பியர் சி.டி. பொருந்தும், மின்மானியையும் சேர்த்து வரும் ஏழரை அதன் எல்லைக்குள் இருக்கிறது. இன்னொரு வழி, 200/1 சி.டி.யைப் பயன்படுத்துவது. அதே கம்பியில் 1 ஆம்பியர் மட்டும் பாய்ந்தால், கம்பியின் பளு 7-இலிருந்து 0.28-ஆக இறங்கிவிடும். மின்னோட்டம் ஐந்தில் ஒன்று, பளு இருபத்தைந்தில் ஒன்று. அப்போதும் கீழ் எல்லையைப் பார்த்துத்தான் சி.டி.யைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இத்தகைய தவறை எப்படிக் கண்டுபிடிப்பது? கவ்விப் பிடிக்கும் சாதாரண அளவியைக் கொண்டு இரு பக்க மின்னோட்டத்தையும் ஒப்பிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்த அளவிகளுக்கே பொதுவாக ஓரிரு விழுக்காடு பிழை உண்டு. அரை விழுக்காட்டைத் தேட அவை உதவா. அதைவிட எளியது, சி.டி.யின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளப்பது. நம் 5 வோல்ட்-ஆம்பியர் சி.டி.யில், 5 ஆம்பியர் பாயும்போது அது 1 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. ஒன்றரை வோல்ட் காட்டினால், பளு அதிகம் என்று தெரிந்துவிடும். இதை உரிமம் பெற்ற மின்பணியாளர் மட்டுமே செய்ய வேண்டும். முதன்மைப் பக்கத்தில் மின்னோட்டம் இருக்கும்போது துணைச்சுருளின் இணைப்பைத் திறந்துவிட்டால், உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னழுத்தம் எழும்பும்.

அதனால்தான் சொல்கிறேன்: ஒவ்வொரு சி.டி. மின்மானிப் பெட்டியிலும், வகுப்பு எண்ணுக்குப் பக்கத்திலேயே கம்பியின் நீளம், பரப்பு, அந்த இடத்தில் அளந்த பளு மூன்றையும் எழுதி ஒட்ட வேண்டும். பின்னாளில் யாரேனும் மின்மானியை வேறு அறைக்கு மாற்றினால், பழைய எண் இனிப் பொருந்தாது என்பது அந்தத் தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அதற்கு ஆகும் செலவு ஒரு துண்டுத் தாளும் சில நிமிடங்களும்தான்.