ஐம்பது நூல்கள் படித்து என்ன செய்தீர்கள்?

ஆண்டிறுதி நெருங்கினால் போதும், படித்த நூல்களின் எண்ணிக்கையை அறிவிக்கும் திருவிழா தொடங்கிவிடுகிறது. பொழுதுபோக்கு வாசிப்பில் எனக்குப் புகார் இல்லை. தொழிலுக்காகப் படிப்பதாகச் சொல்வோரிடம்தான் கேட்கிறேன்: அவற்றுள் எந்த நூலால் உங்கள் அலுவலில் எது மாறியது? மஞ்சள் மை தீட்டிய பக்கங்களைக் காட்ட வேண்டாம். மை தீட்டியவரின் கை உழைத்தது என்பதற்கு மட்டுமே அது சான்று.

சார்லஸ் டார்வின் தம் நூல்களின் கடைசியில், தம் பணிக்குத் தேவையான செய்திகளுக்கு மட்டும் ஒரு குறிப்புப் பட்டியலை எழுதிவைத்தார். புதிய பொருளில் இறங்கும்முன் அக்குறிப்புகளையே முதலில் புரட்டினார். பணி முன்னே நின்றது, நூல் பின்னே வந்தது. நாமோ வரிசையை மாற்றிவிட்டோம்.

கள ஆய்வுக் குழுவை நடத்தும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வினாநிரல்கள் பாதி நிரம்பாமலே திரும்பி வருகின்றன. அவர் அதுல் கவாண்டேயின் 'த செக்லிஸ்ட் மேனிஃபெஸ்டோ'வை எடுக்கிறார். "சரிபார்ப்புப் பட்டியல் பயனுள்ளது" என்று குறித்தால் அந்தக் குறிப்பு பிறந்த இடத்திலேயே செத்தது. பட்டியலை எந்த இடத்தில் நின்று படிப்பது என்பதே அந்நூலிலிருந்து அவர் எடுக்கவேண்டியது. வேலையை நினைவிலிருந்து செய்து முடித்து, பிறகு நின்று சரிபார்க்கும் வகையை நூல் விளக்குகிறது. ஆகவே குறிப்பு இப்படி அமையவேண்டும்: "வீட்டைவிட்டு வெளியேறும்முன் நிற்கவேண்டும், ஆறு இனங்களுக்கு மேல் வேண்டாம், உடன் வந்தவர் உரக்கப் படிக்கவேண்டும், திங்கள்முதல் இருபது வீடுகளில் சோதனை, விடுபட்ட விடைகளை முன்னும் பின்னும் எண்ணவேண்டும்." இதில் நாள் இருக்கிறது, ஆள் இருக்கிறது, தோற்றால் தெரிந்துகொள்ளும் வழியும் இருக்கிறது.

அடுத்து அவர் படிக்கவேண்டியது அதே கருத்தைப் புகழும் இன்னொரு நூலை அன்று, அதை மறுக்கும் எழுத்தை. (இங்கேதான் பலரும் கழன்றுகொள்கிறார்கள்.) எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அறுவைப் பட்டியலால் இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009இல் ஓர் ஆய்வு கூறியது. அவற்றுள் டில்லியும் ஒன்று. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரையோ, குறிப்பிடத்தக்க குறைவு எதையும் காணவில்லை. அங்கும் பட்டியலை ஏறத்தாழ முழுமையாகப் பின்பற்றியதாகவே மருத்துவமனைகள் தெரிவித்திருந்தன. பின்பற்றியதாகத் தெரிவிப்பதும் பின்பற்றுவதும் ஒன்றல்ல என்ற ஐயம் எழுவது இயல்பு.

அந்த ஐயம் நம் குழுத் தலைவரின் குறிப்பில் ஒரு வரியை மாற்றும். பட்டியலின் கீழே கையொப்பக் கட்டம் வைக்க நினைத்திருந்தால் அதை அடித்துவிட்டு, வாரத்தில் இரு நாள் தாமே உடன் சென்று, பட்டியல் உரக்கப் படிக்கப்படுகிறதா என்று கேட்பதாக எழுதுவார். இவ்வளவும் ஒரு நூலும் ஒரு கட்டுரையும் ஒரு மாதமும் கொண்ட வேலை. ஆண்டுக்கு ஐம்பது என்று ஓடுபவருக்கு இருபது வீடுகளின் விடைகளை எண்ண நேரம் எங்கே?