மிஸ்கீனின் கண்ணுக்கு என்ன விலை?



சென்ற மாதம் மாலை வகுப்பு முடிந்த பிறகு கல்லூரியில் படிக்கும் மாணவர் ஒருவர் தயங்கியபடியே வந்து கேட்டார்: "உஸ்தாத், 'கண்ணுக்குக் கண்' என்பது நம்முடைய சட்டமே இல்லையாமே? ஹம்முராபி என்ற பாபிலோனிய மன்னன் கல்லில் வெட்டி வைத்ததைத்தான் தவ்ராத்தும் குர்ஆனும் திருப்பிச் சொல்கின்றன என்கிறார்களே?" இதைச் சொன்னவர் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். ஏழை பணக்காரன் என்று பாராமல் அனைவருக்கும் ஒரே தண்டனை விதித்த முதல் நீதிமான் ஹம்முராபிதானாம்.

இந்த இரண்டாவது கூற்றை நம்மவர் பலரும் உண்மை என்றே நம்புகின்றனர். இது உண்மை அன்று. அந்தக் கல்லிலேயே அதற்கான மறுப்பு இருக்கிறது. முதல் வரியைப் படித்துவிட்டு அடுத்த மூன்று வரிகளைப் படிக்காமல் விட்டவர்களே இவ்வாறு பேசுகின்றனர்.

அந்தக் கல் இன்று பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சுமார் இரண்டேகால் மீட்டர் உயரமுள்ள கருங்கல் தூண் அது. ஈரானிலுள்ள சூசாவில் 1901-02ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சு அகழ்வாராய்ச்சியாளர்கள் அதைக் கண்டெடுத்தனர். ஹம்முராபி ஆண்ட காலம் ஏறத்தாழ கி.மு. 1792 முதல் 1750 வரை. தூணிலுள்ள விதிகளை அறிஞர்கள் 282 என எண்ணிட்டுள்ளனர். அவற்றில் 196 முதல் 199 வரையுள்ள நான்கு விதிகளே நம் கேள்விக்கு உரியவை.

அவற்றின் கருத்து இதுதான். ஓர் அவீலும் மற்றோர் அவீலுமின் கண்ணைப் பறித்தால் அவனுடைய கண் பறிக்கப்படும். எலும்பை முறித்தால் அவனுடைய எலும்பு முறிக்கப்படும். பறிக்கப்பட்டது ஒரு முஷ்கேனுமின் கண்ணாக இருந்தால் அவன் ஒரு மினா வெள்ளி கொடுத்தால் போதும். அதுவே ஓர் அவீலுமுடைய அடிமையின் கண்ணாக இருந்தால் அந்த அடிமையின் விலையில் பாதியைக் கொடுக்க வேண்டும்.

அவீலும் என்றால் முழு உரிமையும் மதிப்பும் பெற்ற குடிமகன். முஷ்கேனும் அவனுக்குக் கீழே இருந்தவன். அடிமை அல்லன், ஆயினும் அவீலுமுக்கு நிகரானவனும் அல்லன். அவனுடைய நிலை துல்லியமாக எது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்தச் சொல் நமக்கு அந்நியமானதன்று. முஷ்கேனும் என்ற அக்காதியச் சொல்லே அரமேய மொழியின் வழியாக அரபியில் 'மிஸ்கீன்' ஆயிற்று. நம் வீடுகளில் ஏழையைக் குறிக்க நாம் அன்றாடம் சொல்லும் அதே சொல்தான்.

ஆக, 'கண்ணுக்குக் கண்' என்பது பாபிலோனில் எல்லோருக்கும் பொதுவான சட்டமாக இருக்கவில்லை. சமமான இரு அவீலும்களுக்கு இடையில் மட்டுமே அது செல்லுபடியாயிற்று. மிஸ்கீனின் கண் போனால் அவீலுமின் கண்ணுக்கு எந்த ஆபத்தும் இல்லை.

"ஒரு மினா வெள்ளி சிறிய தொகையா? குருடாகிப்போன ஏழைக்கு இன்னொருவனின் கண்ணைவிடப் பணம்தானே பயன்படும்?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான், கணக்கிட்டே பார்ப்போம். ஒரு மினா என்பது 60 ஷெக்கல். இன்றைய அளவில் ஏறத்தாழ அரை கிலோ வெள்ளி. ஒரு ஷெக்கல் 180 மணி எடை. அதே கல்லின் 273ஆம் விதி கூலியாளின் நாட்கூலியை ஆண்டின் முதல் ஐந்து மாதங்களுக்கு 6 மணி வெள்ளி என்றும், எஞ்சிய மாதங்களுக்கு 5 மணி என்றும் நிர்ணயிக்கிறது. ஒரு நாள்கூட ஓயாமல் உழைத்தாலும் கூலியாளுக்கு ஆண்டுக்குக் கிடைப்பது பதினொரு ஷெக்கலுக்குச் சற்றுக் குறைவுதான். எனவே ஒரு மினா என்பது ஐந்தரை ஆண்டுக் கூலி.

தொகை பெரியதுதான். ஆனால் அது யாருக்குப் பெரியது? நிலமும் மந்தையும் உடைய அவீலுமுக்கு அது ஒரு செலவு. கொடுத்துவிட்டு இரு கண்களோடும் வீடு திரும்புவான். பணத்தை ஈடாகக் கொடுப்பதில் குற்றம் காண நான் வரவில்லை. சமமானவனின் கண்ணைப் பறிப்பவன் தன் கண்ணை இழப்பான், தாழ்ந்தவனின் கண்ணைப் பறிப்பவன் பணப்பையைத் திறந்தால் போதும் என்று ஒரே சட்டம் இரண்டு வாசல்களை வைத்திருக்கிறதே, அதுதான் குற்றம்.

அடிமையின் கண்ணுக்கு வருவோம். அவனுடைய விலையில் பாதி. அந்தப் பாதி விலை எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள 247ஆம் விதியைப் படிக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த எருதின் கண்ணை ஒருவன் கெடுத்துவிட்டால், எருதின் விலையில் பாதியை அதன் உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. அடிமையின் கண்ணுக்கும் எருதின் கண்ணுக்கும் ஒரே விகிதம்! அடிமைக்கு வலித்தது என்பது வழக்கிலேயே இல்லை. எஜமானனின் உடைமை பழுதுபட்டது என்பதே வழக்கு. அப்படியானால் எஜமானனே தன் சொந்த அடிமையின் கண்ணைப் பறித்தால்? எஞ்சியுள்ள விதிகளில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தன் பொருளைத் தானே உடைத்தவனிடம் யார் ஈடு கேட்பார்?

"உயர்ந்தவனுக்குத்தானே கடுமையான தண்டனை? கண்ணை இழப்பவன் அவன்தானே?" என்று வாதிடுவோரும் உண்டு. அவர்கள் கன்னத்தில் அறைவது பற்றிய விதிகளைப் பார்க்கட்டும். அவீலும் தனக்குச் சமமான அவீலுமை அறைந்தால் ஒரு மினா வெள்ளி. தன்னிலும் உயர்ந்தவனை அறைந்தால் சபையின் நடுவில் எருது ஓட்டும் சாட்டையால் 60 அடி. முஷ்கேனும் இன்னொரு முஷ்கேனுமை அறைந்தால் 10 ஷெக்கல். அடிமை ஓர் அவீலுமை அறைந்தால் அவனுடைய காது அறுக்கப்படும். கையும் ஒன்றுதான், கன்னமும் ஒன்றுதான். அடி எந்தத் திசையில் விழுகிறது என்பதே தண்டனையைத் தீர்மானிக்கிறது. மேல்நோக்கிச் சென்றால் உடலால் ஈடு. கீழ்நோக்கிச் சென்றால் காசால் ஈடு.

ஹம்முராபி முதல்வனும் அல்லன். அவனுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்ட ஊர்-நம்முவின் சுமேரியச் சட்டம் 1952இல் வாசித்து வெளியிடப்பட்டது. அதில் கண்ணைக் கெடுத்தவனுக்குத் தண்டனை அரை மினா வெள்ளி. கண்ணுக்குக் கண் என்ற பேச்சே இல்லை. அதனால் அது சமத்துவச் சட்டம் ஆகிவிடாது. எஜமானிக்குச் சமமாகத் தன்னை எண்ணித் துடுக்காகப் பேசும் அடிமைப் பெண்ணின் வாயை உப்பால் தேய்க்கச் சொல்வதும் அதே சட்டம்தான். பின்னர் வந்த ஹித்தியர் சட்டம், சுதந்திரமானவனின் கண்ணுக்கு முன்பு ஒரு மினா இருந்தது, இப்போது 20 ஷெக்கல் என்கிறது. அடிமையின் கண்ணுக்கு 10. தண்டனை இளகியது, தரவரிசை இளகவில்லை. எனவே ஒரு பழைய சட்டம் கொடியதா மென்மையானதா என்று கேட்பது மட்டும் போதாது. யாருக்கு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.

ஹம்முராபி தன் முன்னுரையில், வலியவன் எளியவனை நசுக்காதிருக்கவே தன்னைத் தெய்வங்கள் நியமித்ததாகக் கூறிக்கொள்கிறான். அது முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். முஷ்கேனுமுக்கும் ஏதோ ஓர் ஈடு உண்டு என்று எழுதி வைத்ததே அன்று ஒரு பாதுகாப்புதான். அக்கால வழக்குப் பதிவுகள் இந்த விதிகளை மேற்கோள் காட்டித் தீர்ப்பளிப்பதைக் காண்பது அரிது. ஆகவே இத்தூண் அன்றாடச் சட்டப் புத்தகமாக அன்றி, மன்னன் தன்னை நீதிமானாகக் காட்டிக்கொண்ட சாசனமாகவே இருந்தது என்று கருதும் அறிஞர்களும் உண்டு. அப்படியானால் செய்தி இன்னும் தெளிவாகிறது. தான் நீதிமான் என்று பறைசாற்ற வந்த இடத்திலேயே மூன்று விலைகளைப் பொறிக்க அவனுக்குக் கூச்சம் ஏற்படவில்லை.

இனி அந்த மாணவரின் கேள்வி. சொல் ஒற்றுமை இருப்பதை நாம் மறுக்கத் தேவையில்லை. கண்ணுக்குக் கண் தவ்ராத்தில் விதிக்கப்பட்டது என்பதை சூரா அல்மாயிதாவின் 45ஆம் வசனமே கூறுகிறது. ஆனால் இன்று யூதர்களிடமுள்ள யாத்திராகமத்தின் 21ஆம் அதிகாரத்தில் அடிமையின் கண்ணைப் பற்றி வரும் விதியைப் பாருங்கள். எஜமானன் தன் அடிமையின் கண்ணைக் கெடுத்தால் அந்தக் கண்ணுக்காக அவனை விடுதலை செய்துவிட வேண்டும். பாபிலோனின் கல் வாய் திறக்காத இடத்தில் இங்கே விடை இருக்கிறது. ஈடு எஜமானனின் பைக்குள் போகவில்லை. அடிமையின் கைக்கு வருகிறது. நம் ஹதீஸ் நூல்களிலோ கண் போக வேண்டிய அவசியமும் இல்லை. தன் அடிமையை அறைந்தவனுக்கு அவனை விடுதலை செய்வதே பரிகாரம் என்ற நபி (ஸல்) அவர்களின் அறிவிப்பு முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஒரே சொற்றொடரைக் கண்டு 'நகல்' என்று கூறியவர் அடுத்த வரியை ஒப்பிட்டிருக்க வேண்டாமா?

ஆயினும் மார் தட்டிக்கொள்ள நமக்கும் உரிமையில்லை. பிறருடைய அடிமையைக் கொன்ற சுதந்திரமானவனுக்குக் கிஸாஸ் உண்டு என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). இமாம் ஷாஃபிஈ (ரஹ்) உள்ளிட்ட பெரும்பான்மையினர் இல்லை என்றனர். உறுப்புக் காயங்களில் ஹனஃபி மத்ஹபும் அடிமைக்காகச் சுதந்திரமானவனிடம் கிஸாஸ் வாங்குவதில்லை. இதை நம் பிள்ளைகளிடம் மறைத்துவிட்டு, நம் ஃபிக்ஹில் தரவரிசையின் சுவடே இல்லை என்று கற்பித்தால், ஹம்முராபியின் முதல் வரியை மட்டும் படித்தவருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

அந்த மாணவரிடம் இவற்றையெல்லாம் கூறிவிட்டு வீடு திரும்பும் வழியில் எனக்கு வேறொரு நிகழ்வு நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன், வசதியான ஒரு வீட்டின் சமையற்கட்டில் வேலைக்கு வந்த பெண்ணின் கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டியது. சமரசம் பேச அமர்ந்தவர்களில் நானும் ஒருவன். "அந்த அம்மாவுக்கு இது போதும்" என்று ஒரு தொகை முடிவாயிற்று. அந்த வீட்டுப் பெண்பிள்ளையின் கை அவ்வாறு வெந்திருந்தால் அதே தொகையைச் சொல்லியிருப்போமா என்று அன்று எங்களில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மிஸ்கீன் என்ற சொல் பாபிலோனிலிருந்து நம் நாவுக்கு வந்து சேர ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகள் ஆயின. அவருக்குத் தனி விலை சொல்லும் வழக்கம் அந்தக் கல்லோடு பாரிஸுக்குப் போய்விடவில்லை.

அல்லாஹ்வே மிக அறிந்தவன். வஸ்ஸலாம்.