பொன்னியை எங்கெல்லாம் மாற்றுவது?

தஞ்சாவூர்ப் பக்கம் அரிசிக்கடையில் ‘பொன்னி’ என்று கேட்டால் இரண்டில் ஒன்று கிடைக்கும். ஒன்று வெள்ளைப்பொன்னி. மற்றது ஆந்திரத்தின் பாபட்லாவில் உருவான பி.பி.டி. 5204, நாம் ஆந்திரா பொன்னி என்று வாங்குவது. இரண்டும் விற்கும் கடைக்காரர், பட்டியலில் வெறும் ‘பொன்னி’ என்று கிடக்கும் இரண்டாவதை ‘ஆந்திரா பொன்னி’ என்று மாற்ற நினைத்தால் அது நல்ல காரியம். வாங்குகிறவருக்கு எது என்று தெரிந்தாக வேண்டும்.

கடை சாத்திய பிறகு உட்காருங்கள். விலைப்பட்டியலும் லேபிளும் உள்ள ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து, தேதி போட்டுத் தனியே வையுங்கள். சரக்குக் குறியீட்டையும் பார்கோடையும் தொடாதீர்கள். மாறுவது பெயர் மட்டும்தான்.

எக்ஸெலில் Ctrl+H அழுத்தி அப்படியே Replace All கொடுத்தால், ‘வெள்ளைப்பொன்னி’ என்றிருந்தது ‘வெள்ளைப்ஆந்திரா பொன்னி’ ஆகிவிடும். அதனால் Options-ஐத் திறந்து, Within என்பதில் Workbook வைத்து, Match entire cell contents-ஐ டிக் செய்யுங்கள். முதலில் Find All கொடுத்து, வந்த வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே மாற்றுங்கள். இதிலும் சில வரிகள் தப்பும். பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி விழுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, தேடலிலும் சிக்காது. பக்கத்துக் காலி நெடுவரிசையில் இதைப் போட்டு, கீழே வரை இழுத்துப் பாருங்கள்:

```
=LEN(A2)
```

‘பொன்னி’க்கு 6 வர வேண்டும். 7 வந்தால் இடைவெளி இருக்கலாம், அல்லது கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டச்சாகியிருக்கலாம். அந்தப் பெயரை அழித்துவிட்டுப் புதிதாக அடிப்பதே சுலபம்.

அதிகம் ஏமாற்றுவது லேபிள்தான். டி.டி.பி. கடையில் செய்து வாங்கிய பழைய டெம்ப்ளேட்டுகள் பலவும் பாமினி போன்ற எழுத்துருவில் இருக்கும். திரையில் ‘பொன்னி’ என்று தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது `nghd;dp` என்ற ஆங்கில எழுத்துகள். யூனிகோடில் ‘பொன்னி’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. கடைக்காரர் எல்லாம் மாறிவிட்டதாக நினைத்துக்கொள்வார், மறுநாள் மூட்டையில் பழைய பெயரே ஒட்டியிருக்கும். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். பெயர் படமாகவோ வளைகோடாகவோ மாற்றப்பட்டிருந்தால் தேடவே முடியாது, வரைந்தவரிடம்தான் போக வேண்டும். எப்படியும் திறக்கிறோம் என்பதால் அந்த வரியை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள் என்பேன். ஆனால் எழுத்தின் அகலம் மாறும். ‘ஆந்திரா பொன்னி’ நீளமான பெயர் வேறு, விலைக் கட்டத்தின் மேல் ஏறிவிடும்.

பில் போடும் மென்பொருளில் இன்னொன்று கவனிக்க வேண்டும். டேலியில் சரக்கின் பெயரைத் திருத்தினால் பழைய பில்லை மறுபடி எடுக்கும்போதும் புதுப்பெயரே வரும். பழைய பெயரை Alias-இல் போட்டு வைத்தால், பழகிய கை ‘பொன்னி’ என்று தட்டினாலும் சரக்கு வந்து நிற்கும். லேபிள் அடிக்கும் எடைமேடை இருந்தால் அதற்குள்ளும் பெயர் தனியாக இருக்கும், அதையும் மாற்றுங்கள்.

கடைசியில் ஒரே ஒரு லேபிள் அச்சிட்டு, 25 கிலோ மூட்டையில் ஒட்டி, ஸ்கேன் செய்து பில் எடுங்கள். பட்டியல், லேபிள், பில் மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் மீதி லேபிள்களை அச்சுக்குக் கொடுக்கலாம்.