எந்தக் கடனை முதலில் அடைப்பது? பதில் உங்கள் வங்கி அறிக்கையில்தான் இருக்கிறது

மாதக் கடைசியில் வங்கிகளிடமிருந்து மின்னஞ்சல்கள் வரிசையாக வந்து விழும். ஒவ்வோர் அறிக்கையிலும் இரண்டு எண்கள் பளிச்சென்று தெரியும். ஒன்று மொத்த நிலுவை. இன்னொன்று குறைந்தபட்சம் கட்டவேண்டிய தொகை.

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று முடிவெடுக்க இந்த இரண்டும் போதாது. அதற்கு வேண்டிய எண் பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில், சிறிய எழுத்தில் இருக்கும். அதுதான் வட்டி விகிதம்.

இதை ஒரு கற்பனைக் கணக்கு மூலம் பார்ப்போம். சிங்கப்பூரில் மாதம் 4,000 வெள்ளி சம்பாதிக்கும் 30 வயது ஊழியர் ஒருவர். மத்திய சேமநிதிக்குப் போக, கைக்கு வருவது 3,200 வெள்ளி. வீட்டுச் செலவெல்லாம் போக மாதம் 1,100 வெள்ளியைக் கடனுக்கு ஒதுக்க அவரால் முடியும்.

அவர் தம்முடைய அறிக்கைகளை ஒரு தாளில் எழுதினால் இப்படி வரும்:

முதல் கடன்பற்று அட்டை: நிலுவை 4,200 வெள்ளி, வட்டி ஆண்டுக்கு 27.8%, குறைந்தபட்சத் தொகை 126 வெள்ளி.

இரண்டாவது அட்டை: நிலுவை 1,100 வெள்ளி, வட்டி 27.8%, குறைந்தபட்சத் தொகை 50 வெள்ளி.

மூன்றாவது அட்டையில் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்: நிலுவை 3,000 வெள்ளி, வட்டி 0%, சலுகை முடிய இன்னும் 2 மாதம், குறைந்தபட்சத் தொகை 90 வெள்ளி.

தனிநபர் கடன்: எடுத்தது 10,000 வெள்ளி, 36 மாதத்தில் 12 மாதம் கட்டியாச்சு. நிலுவை ஏறக்குறைய 6,880 வெள்ளி, மாதத் தவணை 307 வெள்ளி.

தாளைப் பார்த்ததும் பலருக்கும் கண் முதலில் போவது அந்த 6,880 வெள்ளி மீதுதான். பெரிய கடன்தானே, அதை முதலில் ஒழித்துவிடலாமே என்று தோன்றும். உண்மையில் அவருக்கு ஆகக் குறைவாக வலிக்கும் கடன்களில் அதுவும் ஒன்று.

"3.5%" என்று போட்டிருந்தாங்களே?

தனிநபர் கடன் விளம்பரங்களில் பெரிதாகப் போடப்படுவது ஃபிளாட் வட்டி. எடுத்த முழுத் தொகைக்கும், கடைசி மாதம் வரை, வட்டி போடும் முறை அது. 10,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 3.5% என்றால் 350 வெள்ளி. மூன்று ஆண்டுக்கு 1,050 வெள்ளி. மொத்தம் 11,050 வெள்ளியை 36-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 307 வெள்ளி.

ஆனால் 10,000 வெள்ளி முழுவதும் மூன்று ஆண்டும் உங்கள் கையில் இருப்பதில்லை. மாதாமாதம் அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். குறைந்துகொண்டே வரும் நிலுவைக்கு எவ்வளவு வட்டி கட்டுகிறீர்கள் என்று கணக்குப் போட்டால் அது ஆண்டுக்கு சுமார் 6.6% வரும். அறிக்கையிலும் கடன் ஒப்பந்தத்திலும் EIR என்று எழுதியிருப்பது இந்த எண்தான். கடனை எடுத்தபோது நடைமுறைக் கட்டணம் பிடித்திருந்தால் EIR இன்னும் கூடுதலாக இருக்கும்.

பட்டியலில் வட்டி என்ற இடத்தில் எல்லாக் கடனுக்கும் EIR-ஐ மட்டுமே எழுதவேண்டும். ஒன்றுக்கு ஃபிளாட், இன்னொன்றுக்கு EIR என்று கலந்து எழுதினால் ஒப்பிடவே முடியாது. அட்டைகளுக்குப் போட்டிருக்கும் 27.8% ஏற்கெனவே நிலுவை மீது போடப்படும் வட்டி. அதனால் அதை அப்படியே எழுதலாம்.

இப்போது பாருங்கள். தனிநபர் கடனில் 100 வெள்ளி கூடுதலாகக் கட்டினால் ஓராண்டில் மிச்சமாவது 6 வெள்ளி 60 காசு. அதே 100 வெள்ளியை அட்டையில் கட்டினால் கிட்டத்தட்ட 28 வெள்ளி மிச்சம். தனிநபர் கடனை முன்கூட்டியே முடிக்க வங்கிகள் கட்டணம் கேட்பதும் வழக்கம். பகுதித் தொகையை ஏற்க மாட்டோம், கட்டினால் முழுசா கட்டுங்கள் என்றும் சில வங்கிகள் சொல்லும். எனவே அதற்கு மாதத் தவணை மட்டும் போதும். கழகத்திடம் 2.6% வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியவர்கள் அதைப் பட்டியலின் ஆகக் கீழே வைக்கலாம்.

126 வெள்ளி கட்டினால் என்ன ஆகும்?

முதல் அட்டைக்கே வருவோம். 4,200 வெள்ளிக்கு ஆண்டுக்கு 27.8% என்றால் மாத வட்டி மட்டும் சுமார் 97 வெள்ளி. குறைந்தபட்சத் தொகையான 126 வெள்ளியைக் கட்டினால் கடன் குறைவது வெறும் 29 வெள்ளி. காபிக் கடையில் நாலு நாள் சாப்பாட்டுக் காசு, அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் குறைந்தபட்சத் தொகை வழக்கமாக நிலுவையில் 3% அல்லது 50 வெள்ளி, எது அதிகமோ அது. நிலுவை குறையக் குறைய அந்தத் தொகையும் குறையும். அதை மட்டுமே கட்டி வந்தால் இந்த 4,200 வெள்ளி பாதியாவதற்கே 7 ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவும் அட்டையில் ஒரு வெள்ளிகூடப் புதிதாகச் செலவு செய்யாவிட்டால்தான்.

புதிதாகச் செலவு செய்தால்? முழு நிலுவையையும் கட்டாதவர்களுக்கு வட்டியில்லா நாள்கள் கிடையாது. இன்று வாங்கும் மளிகைக்கு இன்றிலிருந்தே வட்டி ஓடும். புள்ளிகள், கேஷ்பேக் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பட்டியல் போட்ட நாளிலிருந்து அந்த அட்டைகளை வீட்டில் வைத்துவிட்டு, டெபிட் அட்டைக்கு மாறுவதுதான் சரி.

அப்படியானால் வரிசை என்ன?

நாலு கடனுக்கும் குறைந்தபட்சத் தொகையையும் தவணையையும் கூட்டினால் 573 வெள்ளி. இதை எந்தக் காரணத்துக்காகவும் தவறவிடக்கூடாது. பல வங்கிகளில் தாமதக் கட்டணம் 100 வெள்ளி. சில வங்கிகள் வட்டி விகிதத்தையும் ஏற்றிவிடும்.

மீதம் இருப்பது 527 வெள்ளி. அதைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்காமல் ஒரே கடனில் போடவேண்டும். ஆக அதிக வட்டி எதற்கோ அதற்கு.

இங்கே இரண்டு அட்டைகளுக்கும் ஒரே வட்டி. அப்போது சிறியதை முதலில் முடிக்கலாம். வட்டியில் நட்டம் இல்லை, கவனிக்கவேண்டிய கணக்கு ஒன்று குறையும். இரண்டாவது அட்டைக்கு மாதம் 577 வெள்ளி போனால், 1,100 வெள்ளி இரண்டே மாதத்தில் முடிந்துவிடும். வட்டி வேறுபட்டிருந்தால், தொகை சின்னது என்பதற்காக மட்டும் ஒரு கடனை முன்னால் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை. சின்னக் கடனை முடித்தால் உற்சாகம் வரும் என்பது சிலருக்கு உண்மைதான். அந்த உற்சாகத்துக்கு என்ன விலை என்பதைக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

0% கடனில் இருக்கும் சிக்கல்

இந்தப் பட்டியலில் ஆக எளிதாக ஏமாற்றுவது மூன்றாவது வரி. 0% என்பதால் அதைக் கடைசியில் வைப்பது, இன்றைய கணக்குப்படி சரி. அடுத்த இரண்டு மாதத்துக்கு அதில் கூடுதலாகப் போடும் பணம் ஒரு காசு வட்டியைக்கூட மிச்சப்படுத்தாது.

ஆனால் சலுகை முடியும் நாளன்று, மீதமிருக்கும் சுமார் 2,820 வெள்ளி வழக்கமான வட்டிக்கு மாறிவிடும். அதுவும் 27.8% என்று வைத்துக்கொண்டால், அந்த மாதத்திலிருந்து முதல் அட்டையில் இருக்கும் 4,126 வெள்ளியோடு சேர்ந்து கிட்டத்தட்ட 6,950 வெள்ளிக்கு வட்டி ஓடும். தனிநபர் கடன் தவணை போக மீதமிருக்கும் 793 வெள்ளியை மாதாமாதம் கட்டினால் முடிய 10 மாதம் ஆகும். அதில் வட்டி மட்டும் 900 வெள்ளிக்கு மேல்.

ஆகவே பட்டியலில் இன்னோர் இடம் வேண்டும்: சலுகை முடியும் தேதி. அது பெரும்பாலும் மாத அறிக்கையில் தெளிவாக இருக்காது. கடன் கிடைத்தபோது வந்த உறுதிக் கடிதத்தில் அல்லது வங்கிச் செயலியில் இருக்கும். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்னதாகவே கைபேசியில் நினைவூட்டல் வைக்கலாம்.

எதற்கு ஒரு மாதம் முன்னதாக? மீதத் தொகையை வேறொரு வங்கியின் 0% சலுகைக்கு மாற்ற விண்ணப்பம் போட, ஒப்புதல் வர நாள் வேண்டுமே. 2.5% கட்டணத்தில் 6 மாதச் சலுகை கிடைத்தால், கட்டணம் சுமார் 70 வெள்ளி. அந்த 6 மாதமும் மற்ற பணமெல்லாம் முதல் அட்டைக்குப் போகும். முழுவதும் முடியும்போது, கட்டணத்தையும் சேர்த்து, செலவு சுமார் 560 வெள்ளி. மாற்றாமல் விட்டதைவிட ஏறக்குறைய 340 வெள்ளி குறைவு. கட்டணம் கூடினால் இந்த இலாபம் குறையும். குறைந்தபட்சத் தொகையைத் தவறவிட்டால் சலுகையே ரத்தாகலாம். சலுகை இருக்கும் அட்டையில் புதிய செலவும் வேண்டாம்.

பட்டியலில் விட்டுப்போகக்கூடியவை

"இப்போது வாங்கு, பிறகு கட்டு" திட்டங்களின் தவணைகள் வங்கி அறிக்கையில் கடனாக வராது. ஒவ்வொரு செயலியையும் திறந்து பார்த்தால்தான் தெரியும். நீங்களே மறந்துபோன அட்டை ஏதும் இருக்கிறதா என்று அறிய, கிரெடிட் பியூரோ சிங்கப்பூரின் அறிக்கையை வாங்கிப் பார்க்கலாம். அண்மையில் கடனுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு, முடிவு வந்த 30 நாளுக்குள் அது இலவசம். ஆனால் அதில் வட்டி விகிதம் இருக்காது. அதற்கு அறிக்கைகள்தான் கதி.

இன்னொன்றும் பலருக்குக் குழப்பம் தரும். இரண்டாவது அட்டையை முழுசா அடைத்த பிறகும், அடுத்த அறிக்கையில் சில வெள்ளி வட்டி வரலாம். வங்கியின் தவறு அல்ல. வட்டி நாள் கணக்கில் ஓடுகிறது. அறிக்கை தயாரான நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டிய நாள் வரைக்குமான வட்டி அது. "அடைச்சாச்சே" என்று கண்டுகொள்ளாமல் விட்டால், அந்தச் சில வெள்ளிக்காகத் தாமதக் கட்டணம் வந்து நிற்கலாம். நிலுவை பூஜ்யம் என்று ஓர் அறிக்கை வரும்வரை அந்த வரியைப் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டாம்.

குறைந்தபட்சத் தொகைகளைக் கட்டவே பணம் போதவில்லை என்றால்?

அப்போது வரிசை மாற்றிப் பயனில்லை. கடன்களை ஒன்றாக்கும் திட்டம் ஒன்று வங்கிகளிடம் 2017-இலிருந்து இருக்கிறது. ஆனால் அட்டை, தனிநபர் கடன் போன்ற பிணையில்லாக் கடன்கள் மாத வருமானத்தைப்போல் 12 மடங்கைத் தாண்டினால்தான் அதற்குத் தகுதி. நம் எடுத்துக்காட்டில் உள்ளவருக்கு அந்த எல்லை 48,000 வெள்ளி. அவர் அதன் பக்கத்தில்கூட இல்லை.

எல்லையைத் தொடாதவர்களும் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்பை நாடலாம். வங்கிகளுடன் பேசி, குறைந்த வட்டியில் நீண்டகாலத் தவணை ஏற்பாடு செய்ய அது உதவுகிறது. அங்கே போகும்போது முதலில் கேட்கப்படுவதும் இதே பட்டியல்தான்: எந்த வங்கி, எவ்வளவு நிலுவை, மாதம் எவ்வளவு கட்டவேண்டும்.