அது 'நெஸ்தோரிய'ச் சிலுவை இல்ல

1912இல் அனுராதபுரத்தில் கல்லில் செதுக்கிய சிலுவை ஒன்று கிடைத்தது. அதை எல்லாரும் 'நெஸ்தோரியச் சிலுவை' என்கிறார்கள். நாங்க அந்தப் பெயரைச் சொல்ல மாட்டோம். அது தோற்றவனுக்கு ஜெயிச்சவன் வைத்த பெயர்.

சண்டை ஒரே ஒரு சொல்லில் தொடங்கியது. மாத்தளையிலிருந்து மடுத் திருவிழாவுக்குப் பஸ் ஏறுகிற நம்ம ஆட்கள் யோசிக்காமலே சொல்லுற 'தேவமாதா' என்ற சொல்தான் அது. 428இல் கொன்ஸ்தாந்திநோபிளின் ஆயரான நெஸ்தோரியுஸ் அதில் தயங்கினார். மரியாள் பெற்றது மனிதத்தன்மையை, கடவுளுக்குத் தொடக்கமே இல்லையே, அதனால் 'கிறிஸ்துவின் தாய்' என்பதே பொருத்தம் என்றார். அலெக்சாந்திரியா ஆயர் சிரில் விடவில்லை. பிறந்த குழந்தையும் கடவுளின் வார்த்தையும் ஒரே ஆள் என்றால், அந்த ஆளைப் பெற்றவள் கடவுளின் தாய்தானே என்று கேட்டார். உண்மையிலேயே பலமான கேள்வி.

ஆனா அதற்குத் தீர்ப்பு வந்த விதத்தைப் பாருங்க. 431இல் எபேசுவில் சங்கம் கூடியது. நெஸ்தோரியுஸின் பக்கம் பேசக்கூடிய அந்தியோக்கியா ஆயர் யோவானும் அவரோடு வந்த சிரியா ஆயர்களும் இன்னும் வழியில் இருந்தார்கள். சிரில் காத்திருக்கவில்லை. ஜூன் 22 அன்று சங்கத்தைத் தொடங்கி, அன்றைக்கே நெஸ்தோரியுஸைப் பதவி நீக்கினார். நாலு நாள் கழித்து வந்த யோவான் தனிக்கூட்டம் போட்டு சிரிலை நீக்கினார். பேரரசர் முதலில் இரண்டு நீக்கத்தையும் ஏற்றுக்கொண்டார்! கடைசியில் சிரில் தன் ஆசனத்துக்குத் திரும்பினார், நெஸ்தோரியுஸ் எகிப்துக்கு நாடுகடத்தப்பட்டார்.

பாரசீகத் திருச்சபை அந்தச் சங்கத்திலேயே இல்லை. அது வேறொரு பேரரசுக்குள் இருந்தது, 410இலேயே நிசேயா விசுவாசத்தை ஏற்றிருந்தது. அதை நெஸ்தோரியுஸ் தொடங்கவில்லை. பிறகு அவரைப் புனிதராக மதித்தார்கள், அது உண்மைதான். அதற்காக ஒரு திருச்சபைக்கே அவர் பெயரை ஒட்டி, கிறிஸ்துவை இரண்டு ஆளாக்கிய கூட்டம் என்று முத்திரை குத்துவது நியாயமா?

இந்தத் தீவுக்கு இதில் என்ன வேலை? ஆறாம் நூற்றாண்டில் எழுதிய வணிகர் கொஸ்மாஸ், இங்கே பாரசீகக் கிறிஸ்தவர்களின் ஆலயம் இருந்தது, பாரசீகத்தில் நியமிக்கப்பட்ட குரு ஒருவர் இருந்தார் என்கிறார். சிலுவையின் காலத்தைப் பற்றி ஆய்வாளர்களிடையே இழுபறி உண்டு, போர்த்துக்கேயருடையது என்றவர்களும் இருக்காங்க. ஆனா கொஸ்மாஸின் சாட்சி அந்தக் கல்லை நம்பி நிற்கவில்லை. இங்கே கிறிஸ்தவம் 1505இல் கப்பலிலிருந்து இறங்கியது என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கட்டும்.

'நெஸ்தோரியப் பதிதர்' என்று இன்னும் சொல்லுற கத்தோலிக்க நண்பர்களுக்கும் ஒன்று. 1994 நவம்பர் 11 அன்று பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுலும் அந்தத் திருச்சபையின் தலைவர் மார் தின்கா நான்காமவரும் பொது அறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டார்கள். 'கடவுளின் தாய்', 'நம் கடவுளும் மீட்பருமான கிறிஸ்துவின் தாய்' என்ற இரண்டு வழக்குமே ஒரே விசுவாசத்தைச் சொல்கின்றன என்று அதில் இருக்கு. உங்க பாப்பரசரே கையெழுத்துப் போட்ட பிறகு, நீங்க யாருக்காக இன்னும் சண்டை பிடிக்கிறீங்க?